பூர்வீக வீட்டுச் செலவை யார் யார் எவ்வளவு தரவேண்டும்?

கேள்வி: தாத்தா வீடு இப்போது பேரப்பிள்ளைகள் ஏழு பேருக்கும் பொது. பெரியப்பாவுக்கு ஒரே மகன், அத்தைக்கு ஒரு மகன் ஒரு மகள், அப்பாவுக்கு நாங்கள் நான்கு பேர். அத்தை மகனும் என் அண்ணனும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அடிக்கடி குடும்பத்தோடு போய்த் தங்குகிறார்கள். மற்றவர்கள் எல்லாரும் வெகுதூரம். "வீடு எல்லாருக்கும்தானே, செலவை ஏழாகப் பிரிப்போம்" என்கிறார்கள் அவர்கள். "தங்குகிறவர்கள்தானே செலவு செய்யவேண்டும்" என்கிறோம் நாங்கள். எது நியாயம்?

பதில்:

இரண்டு பக்கமும் பாதி சரி. வீட்டுச் செலவு என்று ஒரே பெயரில் நீங்கள் பேசுவது உண்மையில் இரண்டு வேறு செலவுகள் என்பதுதான் சிக்கல். ஒன்று, அந்த வீடு நமக்குச் சொந்தமாக இருப்பதால் வரும் செலவு. இன்னொன்று, அதில் ஆட்கள் புழங்குவதால் வரும் செலவு. முதலாவதைப் பங்கின்படியும் இரண்டாவதைத் தங்கியதன்படியும் பிரித்தால் சண்டையில் முக்கால்வாசி காணாமல் போய்விடும். எங்கள் குடும்பத்தின் பொது வீட்டுக்குப் பல வருடம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். "ஏழாகப் பிரிப்போம்" என்பது அநேகமாகத் தவறான தொடக்கம். தாத்தா சொத்து அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போய், அங்கிருந்து உங்களுக்கு இறங்கியிருந்தால், ஏழு பேரின் பங்கும் சமமல்ல. பெரியப்பா மகனுக்கு மூன்றில் ஒன்று. அத்தை பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஆறில் ஒன்று. உங்கள் நால்வருக்கும் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்றுதான். வீட்டை 12 துண்டாக நினைத்துக்கொண்டால் எளிது: பெரியப்பா மகனுக்கு 4, அத்தை மகனுக்கு 2, அத்தை மகளுக்கு 2, உங்கள் நால்வருக்கும் ஒவ்வொன்று. உயில் இருந்தாலோ உங்கள் நாட்டு வாரிசுச் சட்டம் வேறாக இருந்தாலோ எண்கள் மாறும். ஆகவே பத்திரத்தையும் பதிவுகளையும் பார்த்து இதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அதை மாற்றுவதுதான் முதல் பொதுச் செலவு. காப்பீட்டுத் தொகை கேட்கும்போதும் விற்கும்போதும் அங்கேதான் முட்டும்.

இனி எந்தச் செலவு எந்தக் கணக்கில் என்று பார்ப்போம். ஒவ்வொரு ரசீதையும் கையில் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: ஒரு வருடம் முழுக்க யாருமே அந்த வீட்டுக்குப் போகாவிட்டாலும் இந்தச் செலவு வருமா? வரும் என்றால் அது பங்குக் கணக்கு. சொத்து வரி, காப்பீடு, கூரை, சுவர், அஸ்திவாரம், கரையான் தடுப்பு எல்லாம் இதில் வரும். வராது என்றால் அது புழக்கக் கணக்கு. மின்சாரம், தண்ணீர், எரிவாயு, வந்துபோன பிறகு சுத்தம் செய்யும் கூலி, உடைந்த பாத்திரம், தேய்ந்த மெத்தை இதில் வரும். நடுவில் சில செலவுகள் இரண்டிலும் கால் வைத்திருக்கும். உட்சுவர் வண்ணம், தண்ணீர் மோட்டார், குழாய்கள் போன்றவை யாரும் தொடாவிட்டாலும் கெடும், புழங்கினால் இன்னும் சீக்கிரம் கெடும். இவற்றை ஆராய்ந்து ஆராய்ந்து தசமக் கணக்குப் போடாதீர்கள். பாதி பங்குக் கணக்கு, பாதி புழக்கக் கணக்கு என்று ஒருமுறை பேசி முடித்துவிடுங்கள்.

பங்குக் கணக்கில் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது கூரையில்தான். வரியும் காப்பீடும் வருடா வருடம் வருவதால் பழகிவிடும். கூரையோ பத்து வருடம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே மழையில் பெரும் தொகை கேட்கும். அந்தச் சமயத்தில் ஏழு பேரில் ஒருவர் பிள்ளையின் படிப்புச் செலவில் இருப்பார், இன்னொருவர் வேலை மாறிக்கொண்டிருப்பார். பணம் சேரத் தாமதமாகும், அதற்குள் மரச்சட்டம் ஊறி, செலவு இரட்டிப்பாகும். அதனால் வருடந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும். எவ்வளவு? ஒரு கட்டடக்காரரைக் கூட்டிப்போய், கூரை இன்னும் எத்தனை வருடம் தாங்கும், மாற்ற இன்றைய விலையில் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். செலவை வருடத்தால் வகுத்தால் ஆண்டு ஒதுக்கீடு கிடைக்கும். விலை ஏறும் என்பதால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எண்ணைத் திருத்துங்கள். இந்தப் பணம் யாருடைய சொந்தக் கணக்கிலும் இருக்கக்கூடாது. வங்கியில் தனிக் கணக்கு, குடும்பத்தின் இரண்டு வெவ்வேறு கிளையைச் சேர்ந்தவர்களின் கையெழுத்து, எல்லாரும் பார்க்கும்படி அறிக்கை.

புழக்கக் கணக்குக்கு அளவுகோல் ஆள்-இரவு. நான்கு பேர் மூன்று இரவு தங்கினால் 12 ஆள்-இரவு. நாள் கணக்கை மட்டும் வைத்தால் தனியாக வந்தவரும் எட்டுப் பேரோடு வந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். மின்சாரமும் தண்ணீரும் அப்படிச் செலவாவதில்லை. வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். வந்த தேதி, போன தேதி, எத்தனை பேர் என்று மூன்றே பத்தி போதும். கைக்குழந்தையை எண்ணுவதா, பகலில் மட்டும் வந்துபோனால் என்ன என்ற கேள்விகள் வரும். குழந்தையை விட்டுவிடுங்கள், பகல் வருகையை அரை இரவாக வையுங்கள். வேறு விதமாக வைத்தாலும் சரிதான், எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் போதும்.

உங்கள் குடும்பத்தையே வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாணயம் எதுவானாலும் பொருந்தும்படி வெறும் எண்களாக வைக்கிறேன். வரி 120, காப்பீடு 120, கூரை ஒதுக்கீடு 360 என்றால் சுத்தமான பங்குச் செலவு 600. நடுத்தரச் செலவுகள் 240. அதில் பாதி 120 பங்குக் கணக்குக்குப் போகிறது, ஆகவே பங்குக் கணக்கு 720. அதை 12 துண்டால் வகுத்தால் துண்டுக்கு 60. மின்சாரம், தண்ணீர், சுத்தம் எல்லாம் சேர்ந்து 380, அதோடு நடுத்தரச் செலவின் மறுபாதி 120 சேர்ந்தால் புழக்கக் கணக்கு 500. நோட்டில் அத்தை மகன் வீட்டார் 120 ஆள்-இரவு, உங்கள் அண்ணன் வீட்டார் 60, விடுமுறைக்கு வந்துபோன பெரியப்பா மகன் வீட்டார் 20, மொத்தம் 200 என்று வைத்துக்கொள்வோம். ஆள்-இரவுக்கு 2.50.

இப்படிப் பார்த்தால் அத்தை மகன் 120 கூட்டல் 300, அதாவது 420. அண்ணன் 60 கூட்டல் 150, 210. பெரியப்பா மகன் 240 கூட்டல் 50, 290. அத்தை மகள் வரவே இல்லை, 120. நீங்களும் மற்ற இரண்டு உடன்பிறப்புகளும் ஆளுக்கு 60. மொத்தம் 1220. ஏழாகப் பிரித்திருந்தால் நீங்கள் ஆளுக்கு 174 கொடுத்திருப்பீர்கள், மூன்றில் ஒன்றை வைத்திருக்கும் பெரியப்பா மகனும் அதே 174தான் கொடுத்திருப்பார். "தங்குகிறவர்கள்தான்" என்ற உங்கள் பேச்சின்படி போனால் நீங்கள் சல்லிக்காசு கொடுக்காமல் ஒரு பங்கு சொத்தின் மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டுமே நியாயமாகத் தெரியவில்லை, இல்லையா?

இங்கே கணக்கு முடியவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் மனதில் இருந்தும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருக்கிறது: அவர்களுடைய உழைப்பு. மழை வலுத்தால் ஓடிப்போய்ப் பார்ப்பது, குழாய்க்காரருக்காக அரை நாள் காத்திருப்பது, வரி கட்ட வரிசையில் நிற்பது எல்லாம் எந்த ரசீதிலும் வராது. தூரத்தில் இருப்பவர்கள் இதை உண்மையாகவே அறிவதில்லை. பூட்டிக்கிடக்கும் வீடு புழங்கும் வீட்டைவிட வேகமாகக் கெடும். சில வாரம் தண்ணீர் விடாவிட்டால் கழிவுக் குழாய் வளைவில் நிற்கும் நீர் வற்றி, நாற்றமும் பூச்சியும் மேலே ஏறும். சிறு கசிவு யார் கண்ணிலும் படாமல் சுவரையே ஊறவைக்கும். காப்பீட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது: பல வீட்டுக் காப்பீடுகளில், வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்கும் தண்ணீர்ச் சேதத்துக்கும் பாதுகாப்பு குறையும் அல்லது நின்றேபோகும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். அண்ணனும் அத்தை மகனும் வந்து தங்குவதே அந்தக் காப்பீட்டை உயிரோடு வைத்திருக்கலாம்.

ஆகவே பராமரிப்பு வேலைக்கு ஒரு கூலி வையுங்கள். வெளியாள் ஒருவரை வைத்தால் என்ன கேட்பாரோ அதுதான் அளவு. வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது, வேலைக்காரர்களை மேற்பார்ப்பது, கட்டணங்களைக் கட்டுவது என்று வேலைகளை எழுதி, ஆண்டுக்கு 120 என்று ஒத்துக்கொண்டதாக வைப்போம். இது பங்குச் செலவு, ஏனென்றால் யாரும் போகாவிட்டாலும் இந்த வேலை தேவை. துண்டுக்கு 10 கூடி 70 ஆகும். வேலையை அத்தை மகன் செய்கிறார் என்றால் அவர் கணக்கு 140 கூட்டல் 300 கழித்தல் 120, அதாவது 320. பெரியப்பா மகன் 330, அண்ணன் 220, அத்தை மகள் 140, நீங்கள் மூவரும் ஆளுக்கு 70. கையிலிருந்து வெளியே போகும் பணம் அதே 1220. வருடம் முழுக்கப் புழங்கும் அத்தை மகனும் எப்போதாவது வரும் பெரியப்பா மகனும் கிட்டத்தட்ட ஒரே தொகை கொடுப்பதைப் பாருங்கள். ஒருவர் புழக்கத்துக்குக் கொடுக்கிறார், மற்றவர் பெரிய பங்குக்குக் கொடுக்கிறார். இந்தத் தாளை மேசையில் வைத்தால் இருவராலும் குறை சொல்ல முடியாது.

இந்தக் கூலியை "உறவுக்குள் என்ன கூலி" என்று மறுக்கும் அத்தை மகன்கள் உண்டு. பெருந்தன்மைதான், ஆனாலும் வற்புறுத்தி எழுதிவிடுங்கள். எழுதாத உழைப்பு மனதுக்குள் வட்டியோடு வளரும். ஒருநாள் அது "இத்தனை வருடம் நான்தான் பார்த்தேன், வீடு எனக்கே" என்று வெளியே வரும்.

சீரமைப்பும் மேம்பாடும் வேறு வேறு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். ஒழுகும் கூரையை அடைப்பது சீரமைப்பு. அடுப்படியைப் பளபளவென்று மாற்றுவது மேம்பாடு. பல நாடுகளின் சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. சொத்தைக் காப்பாற்றச் செய்த தேவையான செலவில் மற்றவர்கள் பங்கு தரவேண்டியிருக்கும், ஒருவர் தன் விருப்பத்துக்குச் செய்ததற்கு அப்படித் தரவேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் யாரிடமும் கேட்காமல் புதுக் குளியலறை கட்டினார். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றோம். ஒன்பது வருடம் கழித்து விற்பனைப் பேச்சு வந்தபோது அந்தச் செலவை வட்டியோடு கேட்டார். அவர் கேட்டதிலும் தவறில்லை, நாங்கள் மறுத்ததிலும் தவறில்லை, முதலிலேயே பேசாததுதான் தவறு. எனக்குத் தெரிந்து நன்றாக நடக்கும் ஏற்பாடு இதுதான்: ஒரு சிறு தொகை வரை பராமரிப்பவர் கேட்காமலே செலவிடலாம். அதற்கு மேல் என்றால் இரண்டு மூன்று மதிப்பீடு வாங்கி, 12 துண்டில் 7 துண்டாவது ஒத்துக்கொள்ள வேண்டும். மழை வீட்டுக்குள் வருவது போன்ற அவசரத்துக்கு விதிவிலக்கு. மேம்பாடு என்றால் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் விரும்புகிறவர் தன் செலவில் செய்துகொள்ளலாம், விற்கும்போது அதற்கு என்ன கிடைக்கும், அல்லது ஒன்றும் கிடைக்காது, என்பதை செங்கல் இறங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

யாராவது அங்கேயே குடியேறிவிட்டால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அப்போது புழக்கச் செலவு முழுவதும் அவருடையது, சிறு பழுதுகளும் அவருடையவை. மற்றவர்கள் பங்குக்கு வாடகை உண்டா என்பதில் சட்டங்கள் வேறுபடுகின்றன. ஆங்கிலேயச் சட்ட வழி வந்த பல நாடுகளில், மற்றவர்களை உள்ளே விடாமல் தடுக்காத வரை, குடியிருக்கும் பங்குதாரர் பொதுவாக வாடகை தரவேண்டியதில்லை. ஆனால் அவர் பழுதுச் செலவில் பங்கு கேட்டால், இலவசமாகக் குடியிருந்த பலனை அதில் கழிக்க இடமுண்டு. பிரெஞ்சுச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தனியாக அனுபவிப்பவர் மற்றவர்களுக்கு ஈடு தரவேண்டும். உங்களுக்கு எது பொருந்தும் என்று உள்ளூர் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேளுங்கள். எந்தச் சட்டமானாலும், உங்களுக்குள் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால் பேச்சு பெரும்பாலும் அதிலேயே முடியும்.

பணம் தராதவரை என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். முடியாதவரையும் மனமில்லாதவரையும் முதலில் பிரித்துப் பாருங்கள். முடியாதவர் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார், தொலைபேசியை எடுக்கமாட்டார். மனமில்லாதவர் ஒவ்வொரு ரசீதையும் கேள்வி கேட்பார். இருவருக்குமே நான் சொல்லும் வழி ஒன்றுதான்: பாக்கியை அவர் பெயரில் எழுதிக்கொண்டே வாருங்கள், விற்கும்போதோ வாடகை வரும்போதோ கழித்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். பாக்கிக்காகப் பங்கையே குறைப்பது வேண்டாம். வீட்டின் மதிப்பு என்ன என்பதில் தனிச் சண்டை வரும், பங்கு மாற முறையான பத்திரமும் வேண்டும், பங்கை விட்டுக்கொடுத்தவர் பிற்காலத்தில் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

சங்கடம் தொடங்குவதைச் சில அறிகுறிகள் முன்கூட்டியே காட்டும். அத்தை மகன் ரசீதுகளை அவ்வப்போது அனுப்புவதை நிறுத்தி வருடக் கடைசியில் ஒட்டுமொத்தமாக ஒரு தொகையைச் சொல்வார். ஓர் அறையில் அவர் சாமான்கள் சேர்ந்து, ஒருநாள் அந்த அறைக்கு மட்டும் பூட்டு வரும். பூட்டு மாற்றியிருப்பார்கள், சாவி எல்லாரிடமும் வந்திருக்காது. தூரத்துப் பக்கத்தில் "நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்ற பதில் அடிக்கடி வரும். அது நம்பிக்கை போலத் தெரியும், பல சமயம் விலகலாக இருக்கும். இதில் சாவிதான் மிக முக்கியம். ஏழு பேரிடமும் சாவி இருக்கட்டும், வருடத்தில் சில விடுமுறை நாட்கள் தூரத்தில் இருப்பவர்களுக்கே முன்னுரிமை என்று எழுதிவையுங்கள். அந்த நாட்களில் அவர்கள் வராவிட்டாலும் பரவாயில்லை, வரலாம் என்பது தெரிந்திருந்தாலே பணம் அனுப்பும் மனம் வரும்.

விலக விரும்புகிறவருக்கும் வழி இருக்கவேண்டும். முதலில் தன் கிளைக்குள், பிறகு மற்றக் கிளைகளுக்கு, அப்புறம்தான் வெளியாளுக்கு என்ற வரிசை நல்லது. வெளியில் உள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் சொல்லும் மதிப்பு, அதைச் சில வருடத் தவணையில் கட்ட அனுமதி. தவணை இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரால் வாங்கவே முடியாது, வீடு விற்பனைக்குத்தான் போகும். உங்கள் நால்வருக்கும் ஆளுக்கு நான்கு பிள்ளைகள் என்றால் அடுத்த தலைமுறையில் ஒருவர் பங்கு 48இல் ஒன்றாகிவிடும். அதனால் கிளைக்கு ஒரு பேச்சாளர் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். 16 பேரும் சேர்ந்து கூரை மதிப்பீட்டைப் படிக்கத் தேவையில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் முதல் கூட்டத்திலேயே எழும் விஷயம் பழைய செலவு. அண்ணனும் அத்தை மகனும் இத்தனை வருடம் கையிலிருந்து போட்டது நிச்சயம் இருக்கும். ரசீது இருக்கும் வரை மட்டும் பின்னோக்கிப் போங்கள், அதிலும் வரி, காப்பீடு, கூரை போன்ற பங்குச் செலவுகளை மட்டும் எடுங்கள். பழைய மின்சாரக் கட்டணத்தையும் பழைய ஆள்-இரவையும் கிளறவேண்டாம், அதற்கு நோட்டு இல்லை. அவர்கள் அதிகம் போட்டது தெரிந்தால் மற்றவர்கள் உடனே பணம் தரவேண்டும் என்றில்லை. வரும் இரண்டு மூன்று வருடத்தின் பங்குத் தொகையில் அவர்களுக்குக் கழித்துக்கொண்டால் போதும். அந்தக் கழிவு எப்போது முடிகிறது என்ற தேதியையும் அதே தாளில் எழுதி, ஏழு பேரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.